யாருக்கு, எதற்கு: ஒப்படைத்த பிறகு எழுதும் நன்றிக் கடிதம்

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்தோம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன் முடித்தாக வேண்டும் என்பது பேச்சு. முடித்தோம். முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில் கடையில் கூட்டம் நெரிந்தது, ஒரு சிட்டைகூடத் தடங்கவில்லை. அன்று காலை எட்டு மணிக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில் நான் போட்ட செய்தி இவ்வளவுதான்: “வேலை நல்லபடியா முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி. சூப்பர் டீம்!” உடனே கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

மறுநாள் டீக்கடையில், குழுவில் சோதனை பார்க்கிறவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “தம்பி, நான் நாலு நாள் விடியக்காலம் மூணு மணிக்குப் போயி அந்தக் கடையில உக்காந்தேனே, அது ஒங்க கணக்குல இருக்கா?” இருந்தது. ஆனால் நான் எழுதிய செய்தியில் இல்லை. அந்தச் செய்தியை எந்தக் குழுவுக்கும், எந்த வேலைக்கும், எந்த வருடத்திலும் அனுப்பியிருக்கலாம். எங்கள் குழு செய்தது என்று சொல்ல அதில் ஒரு சொல்கூட இல்லை.

அந்தச் செய்திக்குப் பதிலாக நான் எழுதியிருக்க வேண்டிய, பிறகு எழுதி அனுப்பிய கடிதத்தை இந்த அத்தியாயத்தில் படிப்படியாகச் செய்து பார்ப்போம். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஊரைச் சொல்லியே ஆட்களைக் குறிப்பிடுகிறேன். விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை.

பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது

பெயர் சொல்லி நன்றி கூறுவது நமக்குப் புதிதில்லை. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதுகிறோம். ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்பவர் தலைமை தாங்கியவரில் தொடங்கி, பந்தல் போட்டவர், ஒலி ஒளி அமைத்தவர் வரை ஒருவரையும் விடாமல் வாசிப்பார். அதற்குள் பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டிலும் ஒரே குறைதான். உபயத்தில் பெயர் இருக்கிறது, அந்த விளக்கை ஏணி வைத்து மாட்டியவர் இல்லை. நன்றியுரையில் ஆளும் பொறுப்பும் இருக்கின்றன, அவர் என்ன செய்தார் என்பது இல்லை. “ஒலி ஒளி அமைத்தவருக்கு நன்றி” என்றால் அது அவருடைய தொழிலுக்குச் சொன்ன நன்றி. மழை தூறியதும் ஜெனரேட்டரை இழுத்துத் திண்ணையில் வைத்தாரே, அதைச் சொன்னால்தான் அவருக்கே சொன்ன நன்றி.

இதோடு ஒப்பிட்டால் மொய் நோட்டு எவ்வளவோ மேல். அதில் ஊர், பெயர், தொகை மூன்றும் ஒரே வரியில் இருக்கும். ‘உறவினர்கள் பலர் மொய் செய்தார்கள்’ என்று எழுதி நோட்டை மூடிவைக்கிற வீடு எங்கும் கிடையாது. யார் எவ்வளவு செய்தார் என்று தெரியாவிட்டால் திருப்பிச் செய்ய முடியாது என்பதால் அந்தக் கவனம். குழுவுக்கு நன்றி எழுதும்போதும் அதே கவனம்தான் வேண்டும். தொகை இருக்கும் இடத்தில் இங்கே வேலை வரும்.

மதுரைத் திட்டத்தின் முகப்புப் பக்கம்

இதைப் பல ஆண்டுகளாகச் சரியாகச் செய்துவரும் ஒரு தமிழ் முயற்சிக்கு நம் ஊரின் பெயரே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாகத் தருகிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் இதை முன்னின்று நடத்தினார். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவர்கள் யாரும் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சேர்த்த நூல்கள் அவை.

அதில் ஏதாவது ஒரு நூலைத் திறந்து பாருங்கள். நூல் தொடங்குவதற்கு முன்பாகவே, முகப்புப் பக்கத்தில் ஒரு நன்றிக் குறிப்பு வரும். மூல நூலின் படத்தைக் கொடுத்து உதவிய நூலகம் அல்லது ஆள் யார், உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், இணையப் பக்கமும் பிடிஎஃப்பும் தயாரித்தவர் யார் என்று வேலை வாரியாகப் பெயர்கள் இருக்கும். பல இடங்களில் பெயரோடு ஊரும் நாடும் சேர்ந்தே வரும். இது நம் மொய் நோட்டு முறையேதான்.

இந்தக் குறிப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, மெய்ப்புப் பார்த்தவருக்குத் தனி வரி உண்டு. தட்டச்சு செய்தவரின் உழைப்பு நூலாகக் கண் முன்னே நிற்கிறது. மெய்ப்புப் பார்த்தவரின் உழைப்போ, அங்கே இல்லாமல் போன பிழைகளில் இருக்கிறது. இல்லாத ஒன்றை வாசகர் எப்படிப் பார்ப்பார்? யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும். எந்தக் குழுவிலும் இப்படிப்பட்ட வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். பொதுவான நன்றியில் முதலில் காணாமல் போகிறவர்களும் அவர்கள்தான்.

இரண்டு, கோப்பை யாரும் யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. அதனால் அந்த நன்றி விழா முடிந்ததும் கலைந்துபோகும் பேச்சாக இல்லை. வேலை எங்கே போனாலும் கூடவே போகிறது. நம் கடிதமும் அப்படிப் போக என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் படி: நினைவை நம்பாமல் திரட்டுவது

வேலை முடிந்த அன்று நம் நினைவில் நிற்பது கடைசி வாரம்தான். கடைசி வாரத்தில் அதிகம் பேசியவர்களே பெரிய வேலை செய்தவர்களாகத் தெரிவார்கள். ஆகவே எழுத உட்காருவதற்கு முன் பதிவுகளை எடுத்துப் பாருங்கள்.

மென்பொருள் வேலை என்றால் முதல் பதிவு கிட். எங்கள் வேலையில் நான் கொடுத்த கட்டளைகள் இவை:

```
git shortlog -sn HEAD
git shortlog -sn --group=trailer:reviewed-by HEAD
```

முதல் வரி, யார் எத்தனை மாற்றங்களைச் சேர்த்தார்கள் என்று எண்ணிக் காட்டும். இரண்டாவது வரி, யார் எத்தனை மாற்றங்களைப் படித்துச் சரிபார்த்தார்கள் என்று காட்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும் `Reviewed-by:` என்று எழுதிவைக்கும் பழக்கம் குழுவில் இருந்தால்தான் இந்த வரி பலன் தரும். லினக்ஸ் கருநிரலை எழுதுகிறவர்கள் இதை முறையாகவே வைத்திருக்கிறார்கள். சரிபார்த்தவருக்கு `Reviewed-by:`, ஓட்டிப் பார்த்தவருக்கு `Tested-by:`, பிழையைச் சொன்னவருக்கு `Reported-by:` என்று தனித்தனி வரிகள். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் “இங்கே உடைகிறது” என்று மட்டும் சொன்னவரின் பெயரும் அந்த மாற்றத்தோடு நிலைத்துவிடுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எங்கள் பட்டியலில் உசிலம்பட்டித் தங்கச்சிதான் முதலிடம். மேலூர்த் தம்பி கடைசிக்கு முந்திய இடம், மொத்தமே ஒன்பது மாற்றங்கள். சோதனை பார்த்த திருமங்கலத்து அக்கா பட்டியலிலேயே இல்லை. அந்த ஒன்பது மாற்றங்கள் இல்லாவிட்டால் சிட்டையில் தமிழே வந்திருக்காது. அந்த அக்கா இல்லாவிட்டால் கடையில் அதை யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

ஆகவே கிட் பட்டியலோடு நிறுத்தாமல் வாட்ஸ்அப் குழுவையும், பிழைப் பட்டியலையும், கடைக்குப் போய்வந்த நாட்களின் குறிப்பையும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் படியுங்கள். பிறகு குழுவில் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இந்த வேலையில ஒனக்கு எந்த எடத்துல கை கொடுத்தது யாரு, என்ன செஞ்சாங்க?” தன்னைப் பற்றிக் கேட்டால் நம் ஆட்கள் கூச்சப்படுவார்கள். அடுத்தவரைப் பற்றி என்றால் தாராளமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இந்தக் கேள்வியில்தான் வெளியே வந்தன.

இரண்டாம் படி: ஒரு வரியைச் செய்வது

ஒவ்வொரு ஆளுக்கும் எழுதும் வரியில் மூன்று இருக்க வேண்டும்: என்ன சிக்கல் இருந்தது, இவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வரி பொதுப் பாராட்டாகிவிடும். எழுதிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரை அங்கே வையுங்கள். வரி அப்போதும் பொருந்தினால் அது இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

மேலூர்த் தம்பியை வைத்துப் பார்ப்போம். முதலில் நான் எழுதியது: “பிரிண்டர் வேலையை அருமையாக முடித்தார்.” யாருக்கும் பொருந்தும் வரி இது. உண்மையில் நடந்தது வேறு. கடையில் இருந்தது 58 மில்லிமீட்டர் தாளில் அடிக்கும் சின்ன வெப்ப அச்சுப்பொறி. ஆங்கில எழுத்து அதற்குள்ளேயே இருக்கும், தமிழ் கிடையாது. தமிழை அனுப்பினால் கேள்விக்குறிகளாக அடித்துத் தள்ளியது. தம்பி சிட்டை முழுவதையும் எழுத்தாக அனுப்பாமல், ஒரு படமாக வரைந்து அனுப்பினார். அந்தத் தாளில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள்தான் இடம். அதற்குள் அடக்க எழுத்தைச் சிறிதாக்கியபோது மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து, ‘மல்லி’ ‘மலலி’ ஆனது. இரண்டு நாள் எழுத்துருக்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்து, புள்ளி தெளிவாக விழும் அளவைப் பிடித்தார். இதைச் சுருக்கினால் வரி தானாக வந்துவிடுகிறது: “தமிழ் தெரியாத அச்சுப்பொறியில் சிட்டையைப் படமாக அனுப்பித் தமிழை வரவைத்ததும், மல்லியின் புள்ளி மறையாத அளவைக் கண்டுபிடித்ததும் மேலூர்த் தம்பி. பூக் கொண்டுவந்தவர் தன் சிட்டையைத் தானே படிக்க முடிகிறது.” இந்த வரியை வேறு யார் பெயரிலும் ஒட்ட முடியாது.

திருமங்கலத்து அக்காவுக்கு “கடுமையாக உழைத்தார், விடியற்காலை மூன்று மணிக்கே போனார்” என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதாதீர்கள். தூக்கம் கெட்டதைப் பாராட்டினால், அடுத்த வேலையிலும் தூக்கம் கெடுவதுதான் எதிர்பார்ப்பு என்று மற்றவர்கள் படித்துக்கொள்வார்கள். மூன்று மணிக்குப் போய் அவர் எதைக் கண்டார் என்பதே விஷயம். பூவின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதால் எடை போடுகிறவரின் விரல்கள் எப்போதும் ஈரம். ஈர விரல் பட்டால் தொடுதிரை ஒன்றைத் தொட்டதற்கு வேறொன்றை எடுத்துக்கொண்டது. அலுவலகத்தில் காய்ந்த கையால் சோதித்த எங்களுக்கு இது தெரியவே இல்லை. எண்கள் மட்டும் உள்ள சின்ன விசைப்பலகை ஒன்றை இணைத்தால் போதும் என்று சொன்னதும் அவர்தான். அதை எழுதுங்கள்.

மூன்றாம் படி: அனுப்பும் முன் காட்டுவது

குறிப்பாக எழுதும்போது ஓர் ஆபத்து உண்டு. பொதுவாக எழுதினால் யாருக்கும் வலிக்காது. குறிப்பாக எழுதினால் ஒருவருக்குச் சொல்லும் நன்றி இன்னொருவரின் தவறை ஊருக்குக் காட்டிவிடலாம். எங்கள் வேலையில் அது நடக்கப் பார்த்தது.

ஒரு விவசாயி 18 கிலோ மல்லி கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் விலை ஒரே மாதிரி நிற்காது. முதலில் 10 கிலோ, கிலோ ரூ.900-க்குப் போனது. அடுத்த 5 கிலோ ரூ.800-க்கும், கடைசி 3 கிலோ ரூ.650-க்கும் போயின. மொத்தம் ரூ.14,950. எங்கள் மென்பொருள் முதலில் சராசரி விலையைக் கண்டு, பைசாவை விட்டுவிட்டு, ரூ.830 என்று வைத்து எடையால் பெருக்கியது. வந்தது ரூ.14,940. விவசாயிக்குப் பத்து ரூபாய் குறைவு. மேலே தள்ளி ரூ.831 என்று வைத்தால் ரூ.14,958, கடைக்கு எட்டு ரூபாய் நட்டம். தொகை சின்னதுதான். ஆனால் பேனாவால் போட்ட கணக்கும் சிட்டையும் ஒத்துவராவிட்டால் மறுநாள் அந்த இயந்திரத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இதைப் பிடித்தவர் எங்கள் குழுவிலேயே இல்லை. கடையின் கணக்கப்பிள்ளை. சோதனை நாட்களில் ஒவ்வொரு சிட்டையையும் தன் நோட்டில் மறுபடி போட்டுப் பார்த்தவர் அவர். அவருக்கு நான் எழுதிய முதல் வரி: “கணக்கில் இருந்த தவறைக் கண்டுபிடித்துக் காப்பாற்றினார்.” கணக்குப் பகுதியை எழுதியது உசிலம்பட்டித் தங்கச்சி என்பது குழுவுக்கே தெரியும். நன்றி என்ற பெயரில் அவரைக் கூண்டில் ஏற்றியிருப்பேன்.

அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். “அண்ணே, போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க எனக்குக் கொடுத்த குறிப்புல ‘சராசரி விலை × எடை’ன்னுதான் இருந்துச்சு. ஒருதடவ பாத்துருங்க” என்றார். எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. தவறு என்னுடையது. காட்டாமல் அனுப்பியிருந்தால், அவர் மனத்தைப் புண்படுத்தியதோடு பொய்யும் எழுதியிருப்பேன்.

ஆகவே ஒவ்வொரு வரியையும் அது யாரைப் பற்றியதோ அவரிடமும், அதில் மறைமுகமாக வருகிறவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். நடந்தது இதுதானா என்றும், எல்லோர் முன்னும் சொல்லலாமா என்றும் கேளுங்கள். சிலர் “வேண்டாம் சார், தனியாச் சொன்னா போதும்” என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் வாடிக்கையாளருக்கும் போகிறது என்றால், அவருக்குத் தெரியாமலே சரிசெய்த சிக்கல் ஏதும் அதில் முதன்முறையாக வெளிவருகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதை முதலில் நேரில் சொல்லிவிட்டுப் பிறகு கடிதம் அனுப்புவதே முறை.

முழுக் கடிதம்

இத்தனைக்கும் பிறகு கடிதம் இப்படி அமைந்தது. வரிசை பதவிப்படி இல்லை, வேலை நடந்த வரிசை. கடையில் தொடங்கிக் கடையில் முடிகிறது.

> அனைவருக்கும் வணக்கம்.
>
> கடையில் சிட்டை தடையில்லாமல் ஓடுகிறது. அது எப்படி நடந்தது என்று எழுதி வைக்கிறேன்.
>
> திருமங்கலத்து அக்கா நான்கு நாள் எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் ஈர விரலுக்குத் தொடுதிரை சரிப்படாது என்று தெரிந்தது. எண் விசைப்பலகை அவர் யோசனை. இன்று எடை போடுகிறவர் திரையைத் தொடுவதே இல்லை.
>
> தமிழ் தெரியாத அச்சுப்பொறியில் சிட்டையைப் படமாக அனுப்பித் தமிழை வரவைத்ததும், மல்லியின் புள்ளி மறையாத அளவைக் கண்டுபிடித்ததும் மேலூர்த் தம்பி. பூக் கொண்டுவந்தவர் தன் சிட்டையைத் தானே படிக்க முடிகிறது.
>
> இணைப்பு விட்டுப்போனபோது இரண்டு தராசுகளிலும் ஒரே எண்ணில் சிட்டை விழுந்தது. ஒவ்வொரு தராசுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்து ‘அ-412’, ‘ஆ-412’ என்று பிரித்தவர் சிவகங்கை அண்ணன். அதன் பிறகு ஒரு சிட்டைகூட இரட்டிக்கவில்லை.
>
> நான் கொடுத்த குறிப்பில் கணக்கு முறை தவறாக இருந்தது. கடையின் கணக்கப்பிள்ளை ஐயா தன் நோட்டோடு ஒப்பிட்டு ரூ.10 வித்தியாசத்தைப் பிடித்தார். உசிலம்பட்டித் தங்கச்சி அன்று மதியத்துக்குள், ஒவ்வொரு விலைக்கும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டும்படி அந்தப் பகுதியையே மாற்றி எழுதினார். இப்போது நோட்டும் சிட்டையும் ஒன்றாக வருகின்றன.
>
> நன்றி.

‘அருமை’, ‘சிறப்பு’, ‘அயராத’ எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. நடந்ததைச் சொன்னாலே போதும். அடைமொழி சேர்த்தால், யாருக்கு எந்த அடைமொழி கிடைத்தது என்று ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நீளமும் அப்படித்தான். ஒருவருக்கு ஆறு வரி, இன்னொருவருக்கு அரை வரி என்றால் படிப்பவர் வரிகளைத்தான் எண்ணுவார். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வையுங்கள். ஒருவருக்கு எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் இட்டுக்கட்டாதீர்கள். முதல் படிக்குத் திரும்பிப் போய், அவரோடு வேலை செய்தவர்களிடம் மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் நாம் பார்க்கத் தவறியது ஒன்று இருக்கும்.

குழு பெரிதானால் இது கைக்கு அடங்காது. ஏழெட்டுப் பேர் வரை ஒருவரே எழுதலாம். அதற்கு மேல் போனால், ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் தன் கண்ணால் பார்த்ததை எழுத, அவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பார்க்காத வேலைக்கு எழுதும் நன்றி மறுபடி “சூப்பர் டீம்” ஆகிவிடும்.

எப்போது, எங்கே

ஒப்படைத்த அன்றே எழுத வேண்டியதில்லை. அன்று எல்லோரும் களைத்திருப்பார்கள், சிட்டை ஓடுமா என்பதும் முழுதாகத் தெரியாது. ஒரு வாரத்தைத் தாண்டவும் கூடாது. இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு என்றால் ‘அதனால் என்ன ஆயிற்று’ என்ற மூன்றாவது பகுதியை உறுதியாக எழுத முடியும்.

முதலில் வாயால் சொல்லுங்கள், டீக்கடை போதும். பிறகு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டால் நாளை காலை வணக்கப் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும். மின்னஞ்சலாக அனுப்பி, சம்பள உயர்வை முடிவு செய்கிறவரையும் அதில் சேருங்கள். மதுரைத் திட்டத்தின் முகப்புப் பக்கத்தைப் போல, கடிதத்தின் சுருக்கத்தை வேலையின் கோப்பகத்திலேயே `THANKS` என்ற கோப்பாகவும் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நிரலைத் திறக்கும் புதிய ஆள், சிட்டை ஏன் படமாகப் போகிறது, அதைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்று அங்கேயே தெரிந்துகொள்வார்.

கணக்கப்பிள்ளை போன்ற வெளியாட்களுக்கு மின்னஞ்சல் போய்ச் சேராது. அவருக்கான வரியைத் தாளில் அச்சடித்துக் கடைக்குக் கொண்டுபோய், முதலாளி இருக்கும்போது வாசித்துக் கொடுத்தோம். அவர் மடித்துத் தன் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தக் கடிதம் பணத்துக்கோ விடுப்புக்கோ ஈடாகாது. நான்கு நாள் விடியற்காலை போனவருக்கு நான்கு நாள் ஈட்டு விடுப்பு தரவேண்டியிருந்தால், கடிதத்துக்கு முன் அதைக் கொடுத்துவிடுங்கள். கடன் பாக்கி வைத்துக்கொண்டு எழுதும் நன்றியை யாரும் நன்றியாகப் படிக்க மாட்டார்கள்.

ஒருவர் விட்டுப்போனால்

எவ்வளவு திரட்டினாலும் ஒருவர் விட்டுப்போவார். எங்கள் கடிதத்தில் விட்டுப்போனவர் அலுவலக உதவியாளர். அக்காவை நான்கு நாளும் விடியற்காலையில் பைக்கில் கொண்டுபோய் இறக்கியவர் அவர். அக்காதான் சொன்னார்.

இப்படி நேர்ந்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். விட்டது எல்லோர் முன்னிலையிலும் என்பதால், சேர்ப்பதும் அங்கேதான். அதே மின்னஞ்சலுக்கு, அதே ஆட்களுக்கு, காரணம் எதுவும் நீட்டாமல் பதில் அனுப்புங்கள். நான் அனுப்பியது இது: “ஒன்று விட்டுப்போனது. விடியற்காலையில் அந்த நேரத்துக்கு வேறு வழியில்லை. நான்கு நாளும் அக்காவைப் பைக்கில் கடையில் சேர்த்தவர் நம் அலுவலகத்துத் தம்பி. ஈர விரல் விஷயம் நமக்குத் தெரிந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.” `THANKS` கோப்பிலும் அந்த வரியைச் சேர்த்தேன். கோப்பின் கடைசியில் இல்லை, அக்காவின் வரிக்கு அடுத்து. வேலை அந்த வரிசையில்தான் நடந்தது.